மூன்றாம் கேள்வி

நேர்காணல் தொடங்குவதற்கு முன்பே அனுசுயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மேலாளர் ஹேமநாதன் ஒரு டிஷ்யூ பெட்டியைக் கொண்டுவந்து மேசையின் நடுவில் வைத்து, "இன்னிக்கு பொம்பளைப் பசங்க ஜாஸ்தி வராங்க சிஸ்டர், தேவைப்படும்" என்று சொன்னதுதான் காரணம்.

அதிலிருந்து முதல் தாளை உருவியது அவரேதான். காலையில் தின்ற மசால் வடையின் எண்ணெயை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.

அனுசுயா அந்த மருத்துவமனையின் தலைமைச் செவிலியர். சித்தூர் சாலையில், மாடியில், மலையைப் பார்த்த ஜன்னல் கொண்ட ஒரு சின்ன அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிரசவ வார்டுக்கு இரண்டு நர்சுகள் வேண்டும். அன்று கிருத்திகை. மலைமேல் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போகும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. மஞ்சள் துணி கட்டியவர்கள் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். புதிதாக மொட்டையடித்த தலைகள் வெயிலில் சந்தனம் காயக் காய வெளுத்துக்கொண்டு வந்தன. பெரிய டாக்டரும் காலையிலேயே அபிஷேகத்துக்கு மலைக்குப் போய்விட்டார்.

முன்பெல்லாம் நர்சு எடுப்பதென்றால் ஹேமநாதன் ஒருவரே பார்த்துக்கொள்வார். யாருக்கு யாரைத் தெரியும் என்பதுதான் தேர்வு. சண்டை போட்டு, ஒரு மாதம் பேசாமல் இருந்து, தரச் சான்றுக்காக ஆய்வுக்கு வருகிறவர்களைக் காரணம் காட்டி, அனுசுயா ஒரு முறையைக் கொண்டுவந்திருந்தாள். எல்லோருக்கும் ஒரே ஐந்து கேள்விகள், ஒரே வரிசையில். கேள்விக்குப் பத்து மதிப்பெண். இருவரும் தனித்தனியாகப் போட வேண்டும். இருவர் போட்ட மதிப்பெண்ணும் ரொம்ப விலகியிருந்தால் ஏன் என்று இருவரும் எழுத வேண்டும். பதில் சொல்லாத கேள்விக்குச் சைபர். மூன்றாம் கேள்வியில் இருவரின் சராசரி ஆறுக்குக் கீழே போனால், மற்றதில் என்ன வாங்கியிருந்தாலும் வேலை கிடையாது.

மூன்றாம் கேள்வி இதுதான்: டாக்டர் சொன்னதும் உங்களுக்குச் சரி என்று பட்டதும் வேறாக இருந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். என்ன செய்தீர்கள்?

அன்று முதலில் வந்த கௌதமன் என்ற பையன் அதற்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டாக்டர் சொல்றதுதான் மேடம் சரி. நம்ம வேலை கேக்கறது" என்றான். ஹேமநாதன் மகிழ்ந்துபோய் ஒன்பது போட்டார். அனுசுயா இரண்டு போட்டாள். காரணம் எழுத வேண்டிய இடத்தில், "நோயாளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்று எழுதினாள். ஹேமநாதன், "நல்ல பணிவு" என்று எழுதினார்.

"பணிவுக்கு எங்க மார்க் இருக்குது?" என்று கேட்டாள்.

"பணிவு இல்லாதவங்களுக்கு அது கண்ணுல படாது சிஸ்டர்."

ஆகவே எவாஞ்சலின் உள்ளே வந்தபோது அறையில் ஏற்கெனவே சூடு ஏறியிருந்தது.

எவாஞ்சலினுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அம்மையார்குப்பத்துப் பெண். வீட்டில் விசைத்தறி. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், சின்ன அறைக்குப் பெரிதாக இருந்தது. ஆந்திரா பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் பிரசவ வார்டில் இருந்தவள். இப்போது சில மாதங்களாக வேலை இல்லை. முதல் இரண்டு கேள்விகளுக்கும் தெளிவாகச் சொன்னாள். அனுசுயா எழுதிக்கொண்டே, இவள்தான் என்று நினைத்தாள்.

மூன்றாம் கேள்வியைப் படித்தாள்.

"ஒரு டெலிவரி கேஸ் மேடம்" என்று எவாஞ்சலின் தொடங்கினாள். "நார்மல் டெலிவரி. குழந்தை நல்லா இருந்தது. அம்மாவுக்குத்தான்... நான் டாக்டருக்கு போன்..."

அங்கே நின்றது. வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. கன்னங்களில் கண்ணீர் இறங்கியது. முகம் சுருங்கவில்லை, விம்மலும் இல்லை. குழாயைச் சரியாக மூடாமல் விட்டதைப் போல வந்துகொண்டே இருந்தது.

ஹேமநாதன் டிஷ்யூ பெட்டியை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினார். அனுசுயாவை ஒரு பார்வை பார்த்தார். "அழுவாதமா. இங்க யாரும் உன்னை அடிக்கப்போறதில்ல."

அனுசுயா எழுந்தாள். மேசையைச் சுற்றிப் போய் அந்தப் பெண்ணின் தோளில் ஒரு கையை வைத்தாள். இன்னொரு கை தானாகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து, மூன்று விரல்களை நாடியில் வைத்தது. "பரவாயில்லமா. ஒண்ணும் இல்ல. இந்தக் கேள்விய விட்டுடலாம். தண்ணி குடிங்க."

எவாஞ்சலின் கையை உதறிக்கொண்டாள்.

"நான் பேஷன்ட் இல்ல மேடம்."

அனுசுயா தன் கையைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான்காம் கேள்வியைப் படித்தாள். எவாஞ்சலின் நான்குக்கும் ஐந்துக்கும் பதில் சொன்னாள். சொற்களைக் கடித்துத் துப்புவதைப் போலச் சொன்னாள். கண்ணைத் துடைக்கவில்லை. டிஷ்யூவைத் தொடவில்லை. ஹேமநாதன், "சரிமா, போன் பண்ணுவோம்" என்றதும் நாற்காலியை ஓசையுடன் தள்ளிவிட்டு வெளியே போனாள்.

கதவு மூடியதும் ஹேமநாதன் பேனாவை எடுத்தார். "மூணாவது, சைபர்."

"அந்தப் பொண்ணு ஆரம்பிச்சிட்டா சார்."

"ஆரம்பிச்சா? போன் பண்ணேன்னு சொல்லிட்டு அழுதா. அதுக்கு எவ்ளோ போடுவீங்க, அரை மார்க்கா?" அவர் சிரித்தார். "நீங்க போட்ட ரூல்தான் சிஸ்டர். பதில் இல்லன்னா சைபர். சைபர்னா ஆளே அவுட்டு. நான் கேட்டனா இந்த ரூல? எனக்குன்னா அழுவற பொண்ணப் பாத்தா மனசு இளகிடும், வேலை போட்டுக் குடுத்துடுவேன்."

"நீங்களா?"

"பின்ன? ஆனா பிரசவ வார்டுல இல்ல. அங்க ரத்தத்தப் பாத்து ஒருத்தி அழுதுகினு நின்னா, பேஷன்ட்டுக்கு யார் தைரியம் சொல்றது? இங்க ரெண்டு பேர் முன்னாடி உக்காந்து வாய் தொறக்க முடியல."

இந்த ஆள் பேசுவதில் எது தப்பு என்று உடனே கையில் எடுத்துக் காட்ட முடியாததுதான் அனுசுயாவை இன்னும் எரித்தது. சைபர் என்பது அவள் போட்ட விதி. பதில் வரவில்லை என்பது உண்மை. ஆனால் பதில் ஏன் வரவில்லை?

நான் விடச் சொன்னேன்.

வார்டில் யாராவது அழுதால் அவள் முதலில் செய்வது, கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுப்பது. சக்கரம் கீச்சிட, திரை மூடிக்கொள்ளும். மற்றவர் பார்வை படாது. இருபது வருடப் பழக்கம். அழுகிறவர்களுக்கு அதைவிட வேறு மரியாதை இல்லை என்று நினைத்திருந்தாள். இங்கேயும் அதையே செய்திருக்கிறாள். வேலை கேட்டு வந்தவளைச் சுற்றித் திரையை இழுத்து மூடிவிட்டு, உள்ளே இருப்பவள் பேசவில்லை என்று சைபர் போட உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும். நிறுத்தட்டுமா, தொடரட்டுமா என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. தானே முடிவு செய்துவிட்டாள்.

ஹேமநாதன் மேலிருந்த கோபம் அப்படியே திரும்பி அவள் மேலேயே வந்து உட்கார்ந்தது. அது அங்கே இன்னும் கனமாக இருந்தது.

எழுந்தாள்.

"எங்க போறீங்க? அடுத்த ஆளக் கூப்பிட்டாச்சு."

"கூப்பிட்டவங்க உக்காரட்டும்."

வரவேற்பில் இருந்த கல்பனா மாடிப்படியில் எதிரே வந்தாள். "அந்த அம்மையார்குப்பத்துப் பொண்ணு போயிட்டாளா?" என்று அனுசுயா கேட்டாள்.

"பின்பக்கம் குழாயில மூஞ்சி கழுவிகினு இருக்குது மேடம். நான் போய் அழாதமான்னு சொன்னேன். என்னையே முறைக்குது."

பின்பக்கம் ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் வரிசையாக நின்ற இடத்தில் குழாய் இருந்தது. எவாஞ்சலின் முகத்தில் தண்ணீரை அறைந்து அறைந்து கழுவிக்கொண்டிருந்தாள். அனுசுயா சற்றுத் தள்ளியே நின்றாள். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எவாஞ்சலின்."

"அய்யோ பாவம்னு பாக்க வந்தீங்களா மேடம்?"

"இல்ல."

"எல்லாரும் அதுக்குத்தான் வராங்க. இப்ப ஒரு அக்கா வந்துச்சு. அழாதமா, வேற எடத்துல கெடைக்கும்னுது. அப்ப இங்க இல்லன்னு முடிவாயிடுச்சா?"

"நான் அந்தக் கேள்வியை விட்டது தப்பு" என்றாள் அனுசுயா. "அதுக்குப் பதில் இல்லன்னா சைபர். சைபர்னா வேலை இல்ல. அது தெரிஞ்சும் உங்களைக் கேக்காம நானா விட்டுட்டேன்."

எவாஞ்சலின் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அது புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் குரல் எழும்பியது. சிலிண்டர்கள்கூட அதிர்ந்த மாதிரி இருந்தது.

"நல்லா இருக்குதே! தட்டிக் குடுத்து, தண்ணி குடி குடின்னு சொல்லி, சைபர் போடறீங்க! அந்த சார் பரவாயில்ல. அவரு மூஞ்சிலயே தெரியுது. நீங்க நல்லவங்க மாதிரி வந்து கையப் பிடிச்சீங்களே!"

"ஆமா."

"நான் பயந்துகினு அழல மேடம். எனக்குக் கோபம் வந்தா கண்ணுல தண்ணி வரும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். எங்க நைனாகூட, ஏன்டி பயப்படறேன்னு கேப்பாரு. நான் பயப்படல நைனா, உன்ன அடிக்கணும்போல இருக்குதுன்னு சொல்லுவேன்." மூக்கை உறிஞ்சினாள். "அந்த டெலிவரி கேஸ நினைச்சாலே வருது. நான் இன்னா பண்ணட்டும்? கண்ண புடுங்கிப் போட்டுட்டு வந்து பதில் சொல்லட்டா?"

அனுசுயாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இந்தப் பெண்ணுக்கு முன்னால் இப்போது சிரித்தால் அதுவும் ஒரு திரைதான்.

"அதே கேள்வியைத் திரும்பக் கேக்கறேன். எல்லாரும் முடிஞ்சப்புறம் இன்னிக்கே வரலாம். இல்ல, இன்னொரு நாள் வரணும்னாலும் வரலாம். நீங்க சொல்லுங்க. கண்ணுல தண்ணி வந்தா வரட்டும், அதுக்கு மார்க் கிடையாது. கூட்டவும் மாட்டேன், கழிக்கவும் மாட்டேன். ஆனா சும்மா வேலை தரமாட்டேன். பதில் சரியில்லன்னா சரியில்லதான்."

எவாஞ்சலின் துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "இன்னிக்கே" என்றாள். "இன்னொரு நாள்னா, ரெண்டு பஸ் மாறி வந்து திரும்ப இந்தக் கோபத்த முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

ஹேமநாதன் ஒப்புக்கொள்ளவில்லை. மற்றவர்களைப் பார்த்து முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தவர், கடைசி ஆள் போனதும் வெடித்தார்.

"அப்ப வாசல்லயே போர்டு வெச்சிடலாம் சிஸ்டர். அழுதா இன்னொரு சான்ஸ்! கௌதமன் அழல, அவனுக்கு இல்ல. எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு சொன்னது யாரு?"

"எல்லாருக்கும் அஞ்சு கேள்வி. அவளுக்கு நாலுதான் கேட்டோம். கௌதமன் சொல்லச் சொல்ல நடுவுல யாராவது எழுந்து போய் கையப் பிடிச்சி, கேள்விய விட்டுடுன்னு சொன்னாங்களா? சொல்லியிருந்தா அவனையும் கூப்பிடுவேன்."

"இதெல்லாம் வக்கீல் பேச்சு."

"நீங்க வரலன்னா நான் தனியா கேக்கறேன். ஆனா நீங்க ஏன் வரலன்னு எழுதணும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

எவாஞ்சலின் வந்தாள். அனுசுயா டிஷ்யூ பெட்டியை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தாள். ஒரு தம்ளர் தண்ணீரை மட்டும் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள். பிறகு காலையில் படித்ததைப் போலவே, ஒரு சொல் மாறாமல், கேள்வியைப் படித்தாள். "நேரம் இருக்கு. நிறுத்தணும்னா நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லாம நாங்க நிறுத்த மாட்டோம்."

எவாஞ்சலின் மேசையைப் பார்த்துக்கொண்டு தொடங்கினாள். தெலுங்குக்காரப் பெண், முதல் பிரசவம். மத்தியானம் குழந்தை பிறந்தது. டாக்டர் தையல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ரத்தப்போக்கு அதிகமாகத் தெரிந்தது. வயிற்றைத் தொட்டால் கர்ப்பப்பை கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். மாவு மாதிரி இருந்தது. பிசைந்துவிட்டாள். நாடி வேகமாக ஓடியது. எழுதியிருந்த மருந்தையெல்லாம் கொடுத்தாள். டாக்டருக்குப் போன் செய்தாள்.

"நார்மல்தான், பேட் மாத்திப் பாரு, சாயங்காலம் வரேன்னாரு. மாத்தினேன். உடனே நனைஞ்சிடுச்சி. திரும்ப போன் பண்ணேன். உனக்கு ரத்தத்தப் பாத்தா பயமா, வேற வேலைக்குப் போன்னு சொல்லி வெச்சிட்டாரு. அந்தப் பொண்ணு..."

நின்றது. கண்ணீர் வந்தது.

ஹேமநாதன் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். அனுசுயா அவர் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையை மேசைமேல் வைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். வெளியே ஏதோ ஒரு வண்டியில் அரோகரா என்று கத்திக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் மலைப்பாதை வளைவில் திரும்பி மறையும்வரை யாரும் பேசவில்லை. அனுசுயாவின் விரல்கள் எழுந்து போகத் துடித்தன. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காத்திருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

எவாஞ்சலின் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். தம்ளரை ஓசையுடன் வைத்தாள்.

"அந்தப் பொண்ணு, சலி வேஸ்தோந்தி அக்கான்னுச்சு. குளிருதாம். வெளிய அவ்ளோ வெயில், அது உடம்பு சில்லுன்னு வேர்த்துகினு இருக்குது. 108 கூப்பிட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்னு வார்டு இன்சார்ஜ் கிட்ட சொன்னேன். டாக்டர் சொல்லாம அனுப்பினா ஆஸ்பத்திரி பேர் கெட்டுப்போயிடும், சும்மா இருன்னாங்க. நான் இருந்தேன் மேடம். அதான் சொல்ல வரல எனக்கு. சும்மா இருந்தேன். இன்னொரு பேட் நனையிற வரைக்கும் சும்மா இருந்தேன். அப்புறம் என் போன்ல நானே 108 கூப்பிட்டேன். வண்டியில நானே கூடப் போனேன். உயிர் பொழைச்சிடுச்சி. கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. முன்னாடியே கூப்பிட்டிருந்தா எடுக்காம இருந்திருக்கலாம். அப்பவும் எடுத்திருக்கலாம். தெரியாது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? என்ன அனுப்பிட்டாங்க. நான் வண்டியில ஏறும்போது கோபத்துல கண்ணுல தண்ணி வந்துச்சு. அத வெச்சிகினு, அந்தப் பொண்ணு பயந்து அழுது ஆம்புலன்ஸ் கூப்பிட்டுடுச்சின்னு எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. நான் போற எடமெல்லாம் எனக்கு முன்னாடி அந்தக் கதை போவுது."

ஹேமநாதன் தொண்டையைச் செருமினார். "சரிமா. ஒண்ணே ஒண்ணு. இங்க நம்ம பெரிய டாக்டர் போன் எடுக்கலன்னா, இங்கயும் 108 கூப்பிடுவியா?"

அது ஐந்தில் இல்லாத கேள்வி. அனுசுயா தடுக்க வாயெடுத்தாள். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஆங். கூப்பிடுவேன்."

"யோசிச்சு சொல்லு."

"யோசிச்சிகினு இருந்ததுதான் சார் என் தப்பு."

ஹேமநாதன் பின்னால் சாய்ந்தார். அவர் முகத்தில் முடிவு எழுதியிருந்தது. அந்தப் பெண்ணும் அதைப் படித்துவிட்டாள் என்பது அனுசுயாவுக்குத் தெரிந்தது. காலையில் அவசரத்தில் விட்டுப்போனதை இப்போது கேட்டாள். "நீங்க எங்களை ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் எவாஞ்சலின். "இங்க டாக்டர் போன் எடுக்கலன்னா யாரைக் கூப்பிடணும்?"

ஹேமநாதன், "அவரு எடுப்பாருமா" என்றார்.

"இப்ப எடுப்பாரா? இன்னிக்கு மலைக்குப் போயிருக்காருன்னு கீழ சொன்னாங்க. கோயிலுக்குள்ள போன் எடுத்துட்டுப் போகக்கூடாதே சார்."

அனுசுயா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மலைமேல் கோபுரம் வெயிலில் அசையாமல் நின்றது. கிருத்திகைக்குக் கிருத்திகை பெரிய டாக்டர் மேலே போகிறார். போன் கீழே வண்டியில் கிடக்கிறது. கீழே வார்டில் எட்டுப் பெண்கள் படுத்திருக்கிறார்கள். இத்தனை வருடங்களாக இதில் ஒன்றும் நடக்காதது அதிர்ஷ்டம். அதை ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்படி ஒரு ஆளை நாங்க சொல்லி வைக்கல" என்றாள். "இன்னிக்கு வரைக்கும் இல்ல."

எவாஞ்சலின் தலையை ஆட்டினாள். ஆச்சரியப்படவில்லை. எழுந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு மூடியது. இருவரும் எதிரெதிர் பக்கம் திரும்பிக்கொண்டு மதிப்பெண் போட்டார்கள். அனுசுயா எட்டு போட்டாள். தாமதத்துக்கு இரண்டைக் கழித்திருந்தாள். அந்தப் பெண்ணே கழித்துக்கொண்டதுதான் அது. ஹேமநாதன் மூன்று போட்டார்.

"சராசரி ஆறு வரல" என்றார். "அவ்ளோதான்."

"அஞ்சு வித்தியாசம் சார். காரணம் எழுதணும்."

அவர் எழுதத் தொடங்கினார். அனுசுயா எட்டிப் பார்த்தாள். எளிதில் உணர்ச்சிவசப்படுபவர் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு இதுல எடம் இல்ல. அவ சொன்ன பதில்ல எது தப்போ அத எழுதுங்க."

"எனக்குத் தெரியும் எது எழுதணும்னு."

"நான் சொல்றேன், எழுதுங்க." அவள் குரல் உயர்ந்துவிட்டது. கல்பனா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். "நோயாளி சாகக் கிடந்து டாக்டர் போன் எடுக்காவிட்டால் ஆம்புலன்ஸ் கூப்பிடுவேன் என்றார். அதனால் மூன்று. எழுதுங்க சார்! கீழ கையெழுத்துப் போடுங்க. ஆய்வுக்கு வர்றவங்க இந்தத் தாளைத்தான் முதல்ல எடுத்துப் படிப்பாங்க. அவங்க கேட்டா, எங்க மேலாளர் கையெழுத்துதான்னு நானே காட்டறேன்."

"மிரட்டறீங்களா?"

"நீங்க நினைக்கறத எழுதச் சொல்றேன். அது உங்களுக்கு மிரட்டலா இருந்தா நான் என்ன பண்றது?"

ஹேமநாதனின் கழுத்து சிவந்தது. பேனா தாளின்மேல் அப்படியே நின்றது. மை ஒரு புள்ளியாக ஊறியது. நெடுநேரம் கழித்து, மூன்றை இரண்டு கோடுகளால் அடித்து, பக்கத்தில் ஆறு என்று போட்டார். கிழிந்துவிடும் அளவுக்கு அழுத்திப் போட்டார்.

"நாளைக்கு நம்ம ஆஸ்பத்திரி வாசல்ல 108 நிக்கும்போது, பெரிய டாக்டர்கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன். சாயங்காலமே சொல்றேன். அவர் இறங்கி வந்ததும். அவர் மேல இருக்கும்போது யாரைக் கூப்பிடணும்னு ஒரு டாக்டர் பேர் எனக்கு வேணும். அது வர்ற வரைக்கும் வார்டு சுவத்துல என் நம்பர்."

அவர் டிஷ்யூ பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

எவாஞ்சலின் எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். அவள் ஊர்ப்பக்கம் போகும் பொதட்டூர்பேட்டை வண்டி இன்னும் வரவில்லை. காவடி எடுத்துக்கொண்டு வந்த ஒரு குடும்பம் அவளைச் சுற்றி உட்கார்ந்து எலுமிச்சை சாதம் தின்றுகொண்டிருந்தது. அனுசுயா வண்டிகளுக்கிடையில் சாலையைக் கடந்தாள்.

"திங்கட்கிழமை வாங்க. டூட்டிக்கு."

எவாஞ்சலினின் கண்கள் நிறைந்தன. அது என்ன கண்ணீர் என்று அனுசுயா கேட்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றாள்.

"நான் கேட்டதுக்கு இன்னா மேடம் பதில்?"

"வேற டாக்டர் பேர் வாங்கற வரைக்கும் என்னைக் கூப்பிடுங்க. நான் எடுத்தும் ஆள் வரலன்னா, 108 கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு எனக்குச் சொல்லுங்க. கேக்க வேணாம், சொன்னா போதும்." தன் எண்ணைச் சொன்னாள். எவாஞ்சலின் கைபேசியில் அடித்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. வண்டி வந்தது. கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு ஏறினாள்.

அனுசுயா திரும்பிச் சாலையைப் பாதி கடந்திருந்தாள். இரண்டு பக்கமும் ஹாரன். கைப்பைக்குள் ஏதோ அதிர்ந்தது. நேர்காணலுக்காகச் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அவசரமாகத் தேடினாள். சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடிக் கூடு, கைக்குட்டை. ஒரு ஆட்டோக்காரர் திட்டிவிட்டுப் போனார். எடுத்துக் காதில் வைத்தாள்.

"எவாஞ்சலின் பேசறேன். எடுக்கறீங்களான்னு பாத்தேன்."

"எடுத்துட்டேனே."

"லேட்டா எடுத்தீங்க மேடம்" என்றது தறிச் சத்தத்தை மிஞ்சப் பழகிய அந்தக் குரல். பேருந்துக்குள் நாலு பேராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். "வார்டுலேர்ந்து பண்ணும்போது இப்படி எடுக்காதீங்க."

சாலையின் நடுவில் நின்றுகொண்டு அனுசுயா கைபேசியின் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினாள்.